விடை தெரிந்தபின் கேள்வி எழுதாதீர்கள்

திருச்செங்கோட்டு விசைத்தறித் தொழிலாளர்களிடம் மனச்சோர்வுக்கான ஒரு சிகிச்சையைச் சோதிக்கப் போகிறோம்னு வைங்க. எந்த அளவுகோல், எந்த வாரம், எவ்வளவு குறைந்தால் பலன், ஏன் அவ்வளவு: முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இதையெல்லாம் எழுதி ஆய்விதழிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். பதிவு அறிக்கையின் முதல் கட்டம் இதுதான்.

‘அளவுகோலை அப்புறம் பாத்துக்கலாம்’ என்பவர்கள் பதின்வயதினருக்குப் பராக்ஸெட்டின் கொடுத்த ‘ஆய்வு 329’ஐப் பாருங்கள். திட்டத்தில் எழுதிய எட்டு அளவுகளில் ஒன்றில்கூட மருந்து ஜெயிக்கவில்லை. 2001இல் வந்த கட்டுரையோ, திட்டத்திலேயே இல்லாத நான்கு அளவுகளைக் காட்டி மருந்து பலன் தருகிறது என்றது. 2015இல் வந்த மறுஆய்வு, பலன் இல்லை, தீங்கு உண்டு என்றது.

‘பதிவேட்டில் போட்டாச்சே’ என்பது பதிலல்ல. பதிவேடு உங்கள் காரணங்களை எடைபோடாது. தோற்ற முடிவை அச்சேற்றவும் செய்யாது. முதல் கட்ட ஒப்புதல் தந்த இதழ், எழுதியபடி நீங்கள் செய்திருந்தால், தோல்வியையும் வெளியிடும். அதற்குத்தான் பயப்படுகிறோமா?