22.5 லிட்டர் தண்ணி

அம்பத்தூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல எங்க அக்கா கெமிஸ்ட்ரி டீச்சர். பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதி, "டைப் பண்ணிக் குடுடா"ன்னு அனுப்பியிருந்தாங்க. லேபுக்கு கண் கழுவுற குழாயும் நல்ல காத்தோட்டமும் வேணுமாம். எனக்கு அது பத்தலைன்னு தோணிச்சு. "அதான் வாஷ்பேசின் இருக்கே"ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. அதனால கணக்கோட எழுதச் சொன்னேன்.

சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணுல தெறிச்சா பல அமிலங்களை விட மோசம். திசுவைக் கரைச்சுக்கிட்டே உள்ள இறங்கும். உடனே 15 நிமிஷம் விடாம கழுவணும். அமெரிக்க ஆன்சி தரப்படி நிமிஷத்துக்கு 1.5 லிட்டர், ஆக 22.5 லிட்டர். ரெண்டு கையும் இமையைப் பிரிச்சுப் பிடிக்கணும், அதனால திறந்த குழாய் தானா திறந்தே நிக்கணும். வாஷ்பேசின்ல இது நடக்காது.

தண்ணி 16லேர்ந்து 38 டிகிரிக்குள்ள இருக்கணும்னும் அதே தரம் சொல்லுது. மே மாசம் மொட்டைமாடி டேங்க் தண்ணியில கை வெச்சுப் பார்த்திருக்கீங்களா? அதனால நிழல்ல இருக்கற டேங்க்லேர்ந்து லைன் கேளுங்கன்னு சேர்த்தேன். துரு தங்காம இருக்க வாரம் ஒருதடவை திறந்தும் விடணும்.

அடுத்தது காத்து. சால்ட் அனாலிசிஸ்ல அழுகின முட்டை நாத்தம் வருமே, ஹைட்ரஜன் சல்ஃபைடு, அது அதிகமானா மூக்கு மரத்துடும். நாத்தம் நின்னா வாயு போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. சீலிங் ஃபேன் அதைக் கலக்கும், வெளியேத்தாது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒரு பக்கம், திறந்த ஜன்னல் எதிர்ப்பக்கம் வேணும்.

ஒண்ணுக்குத்தான் காசுன்னா? முதல்ல கண்ணுதான். நாத்தத்துக்கு வெளிய ஓடலாம், கண்ணைத் தூக்கிட்டு எங்க ஓடுறது?