படிப்பலகை தாங்குமா? பொருத்தும் முன் ஒரு சோதனை!

பரணுக்கும் மொட்டை மாடிக்கும் மரப்படி போடும் வீடுகள் நிறைய. பலகையின் ஓரத்தில் ஏறி நின்று பார்த்துவிட்டு, "கெட்டியா இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால், பலகைக்குச் சோதனை அதன் நடுவில்தான். இரண்டு தாங்கல்களுக்கும் சரி நடுவே ஆள் நிற்கும்போதுதான் பலகை அதிகமாக வளைகிறது.

இதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாங்கல்களுக்கு இடையே 90 செ.மீ., பலகையின் அகலம் 25 செ.மீ., கனம் 2.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 75 கிலோ எடையுள்ளவர் 25 கிலோ அரிசி மூட்டையோடு ஏறினால், மொத்தம் 100 கிலோ.

முதலில் எடையை இடைவெளியால் பெருக்கி, 4-ஆல் வகுக்க வேண்டும். 100 x 90 / 4 = 2,250. அடுத்து, அகலத்தைக் கனத்தால் இரண்டு முறை பெருக்கி, 6-ஆல் வகுக்க வேண்டும். 25 x 2.5 x 2.5 / 6 = 26. இப்போது 2,250-ஐ 26-ஆல் வகுத்தால் சுமார் 87. மரத்தின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் தாங்க வேண்டிய இழுவிசை இது, கிலோ கணக்கில்.

முடிச்சில்லாத, நன்கு காய்ந்த தேக்குக்கு 100 வரை பயமில்லை. மட்ட ரக மரம் என்றால் 50-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது.

செலவைக் குறைக்க, இதே பலகையை 1.8 செ.மீ. கனத்தில் வாங்கினால்? விடை 167! கனம் கால் பங்குக்கு மேல் குறைய, மரத்தின் பாடு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது. கனத்தை 3.8 செ.மீ. ஆக்கினால் விடை வெறும் 37. அகலத்தைவிடக் கனம்தான் முக்கியம் என்பது இதனால்தான்.

கணக்கு சரியாக வந்தாலும் மரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆள் நிற்கும்போது பலகையின் அடிப்பக்கம்தான் இழுபடும். அங்கே நடுவில் முடிச்சோ, குறுக்கே ஓடும் விரிசலோ, பூச்சித் துளையோ இருந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

பிறகு நேரடிச் சோதனை. தரையில் 90 செ.மீ. இடைவெளியில் இரண்டு செங்கற்களைப் படுக்க வைத்து, மேலே பலகையை வையுங்கள். நடுவில் தரைக்கும் பலகைக்கும் உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஒருவர் மூட்டையோடு மெதுவாக ஏறி நிற்கட்டும். முறிந்தாலும் மூன்று அங்குலம்தான் இறங்கும்.

நல்ல தேக்கு 5 மி.மீ. அளவுக்கு வளையும், இறங்கியதும் நிமிர்ந்துவிடும். 10 மி.மீ. வளைந்தாலோ, 'படக்' என்று சத்தம் கேட்டாலோ, இறங்கிய பிறகும் வளைவு மிஞ்சினாலோ, அது படிக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. பலகையின் இரு முனைகளும் அடியில் ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் அடித்த ஆணிகளை மட்டும் நம்பித் தொங்கினால், பலகை முறிவதற்கு முன் ஆணி கழன்றுவிடும்.