வாயில் கரையும், வயிற்றில் நிற்காது

பின்னேரம் ஐந்தரை மணி. கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு ஏறி வரும் தாய், முகம் கழுவி அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் இடித்து முடிக்க ஏழு மணி தாண்டிவிடும். தட்டை வைத்தால் பிள்ளை பாதி ரொட்டியைக் கிள்ளிப் போட்டுவிட்டு "வேணாம்மா" என்று எழும்புகிறது. பாடசாலை விட்டு வந்த நேரத்திலிருந்து கடையில் தொங்கும் பக்கட்டுகளில் நாலைந்து உள்ளே போயிருக்கிறது. ஆனால் ஒன்பது மணிக்கு அதே பிள்ளை "இன்னொரு பக்கட் இருக்கா?" என்று கேட்கும்.

சோற்றுக்கு இடமில்லாத வயிற்றில் பக்கட்டுக்கு மட்டும் எப்படி இடம் வருகிறது? நாங்கள் இதைப் பிள்ளையின் அடம் என்றோ தாயின் கவனக்குறைவு என்றோ சொல்லப் பழகிவிட்டோம். இரண்டும் தவறு. அந்தத் தீனி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு இதை நேரடியாகச் சோதித்து, 2019ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டது. பத்து ஆண்களும் பத்துப் பெண்களுமாக இருபது பேரை நான்கு கிழமை ஆஸ்பத்திரி விடுதியிலேயே தங்க வைத்தார்கள். இரண்டு கிழமைக்கு ஆலையில் தயாரான, மிகையாகப் பதப்படுத்திய உணவு. மற்ற இரண்டு கிழமைக்குச் சாதாரணப் பொருட்களைக் கொண்டு சமைத்த உணவு. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. "வேண்டிய மட்டும் சாப்பிடுங்கள், போதுமென்றால் நிறுத்துங்கள்" என்பதுதான் அவர்களுக்குச் சொன்ன ஒரே விதி.

ஆலை உணவு கொடுத்த நாட்களில் அதே ஆட்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு கிழமையில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. சமைத்த உணவுக்கு மாறியதும் அதே அளவு இறங்கியது. எந்த உணவு ருசி என்று கேட்டபோது, இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் புள்ளி கொடுத்தார்கள். ஆகவே ருசி மட்டும் அவர்களை இழுக்கவில்லை.

இருபது பேர், நான்கு கிழமை என்பது சிறிய சோதனைதான். அதில் வைத்த சாப்பாடும் எங்கள் லயத்துச் சாப்பாடு அல்ல. ஆனாலும் ஒரே ஆள் இரண்டு உணவையும் சாப்பிட்டதால், "அவன் பெருந்தீனிக்காரன், இவன் அளவானவன்" என்று சொல்ல அதில் இடமில்லை. உணவு மாறியது, ஆள் சாப்பிட்ட அளவும் மாறியது.

ஏன் அப்படி? அந்தச் சோதனையில் தெளிவாகத் தெரிந்த ஒன்று வேகம். ஆலை உணவை ஆட்கள் வேகமாக விழுங்கினார்கள். இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். நாங்கள் வகுப்பில் பிள்ளைகளோடு செய்து பார்த்தோம். உப்பிய சோளத் தீனி ஒன்றை நாக்கில் வைத்து, கடிக்காமல் எண்ணச் சொன்னோம். இருபது எண்ணுவதற்குள் அது கரைந்து காணாமல் போனது. பிறகு அவித்த கடலை ஒரு வாய் கொடுத்தோம். மென்று முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத் தாடை வலிக்கத் தெரிந்துகொண்டார்கள். வயிறு "போதும்" என்று மூளைக்குச் சொல்லக் கால் மணி நேரமாவது வேண்டும். மெல்லும் உணவு அந்த நேரத்தைக் கொடுக்கிறது. கரையும் தீனி கொடுப்பதில்லை. சேதி போய்ச் சேரும்போது மூன்றாவது பக்கட்டும் பிரிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது காரணம், அந்தத் தீனியில் தண்ணீர் கிடையாது. சோளமா, எண்ணெய், உப்பு, சீனி, சுவையூட்டி எல்லாம் காய்ந்து இறுகி, நடுவில் காற்று நிறைந்து இருக்கிறது. கைக்குப் பஞ்சு போல இருந்தாலும் 100 கிராமில் சுமார் 500 கலோரி உண்டு. அவித்த கடலை 100 கிராமில் சுமார் 160 கலோரிதான். மிச்சமெல்லாம் தண்ணீரும் நாரும். அவைதான் வயிற்றை நிரப்புகின்றன.

மூன்றாவது புரதம். உடம்பு வளரவும் தேய்மானத்தைச் சரிக்கட்டவும் வேண்டிய சத்து அது. சாப்பாட்டில் அது குறைந்தால், வேண்டிய அளவு சேரும்வரை பசி அடங்குவதில்லை என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஹோலின் சோதனையிலும் கூடுதலாகப் போன கலோரி மாச்சத்திலும் கொழுப்பிலுமிருந்துதான் வந்தது. புரதத்தின் அளவு இரண்டு உணவிலும் மாறவில்லை.

இப்போது எங்கள் பிள்ளையின் பின்னேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 கிராம் பக்கட் ஐந்து சாப்பிட்டால் 100 கிராம், 500 கலோரி. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் ஏறக்குறைய கால்வாசி. அதில் கிடைத்த புரதம் ஆறு கிராம் அளவில்தான். அதே 500 கலோரியை அவித்த கடலையில் எடுக்க வேண்டுமென்றால் 300 கிராமுக்கு மேல் சாப்பிட வேண்டும். அது சுமார் மூன்று தேத்தண்ணிக் கோப்பை. எந்தப் பிள்ளையும் மூன்று கோப்பை கடலை சாப்பிடாது. ஒன்றிலேயே நிறுத்திவிடும். அந்த ஒரு கோப்பையிலேயே ஒன்பது கிராம் அளவு புரதம் கிடைத்துவிடும். ஏழு மணி ரொட்டிக்கும் பருப்புக்கும் வயிற்றில் இடமும் மிஞ்சும்.

"எங்கள் பிள்ளைகள் மெலிந்துதானே கிடக்கிறார்கள், கூடச் சாப்பிட்டால் நல்லதுதானே" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2016ஆம் ஆண்டுக் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 31.7 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 தான். உயரம் வளரப் புரதமும் இரும்பும் துத்தநாகமும் வேண்டும். பக்கட் கொடுப்பது எண்ணெயும் மாவும் உப்பும். அதனால்தான் ஒரே லயத்தில் வளராத பிள்ளையையும் சீனி வருத்தம் வந்த தாயையும் பார்க்கிறோம். கூடச் சாப்பிடுவதும் சத்துக் குறைவதும் எதிரெதிரானவை அல்ல. ஒரே பக்கட்டுக்குள் இரண்டும் இருக்கலாம்.

பக்கட்டில் வருவதெல்லாம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. பருப்பும் நெத்தலிக் கருவாடும் பக்கட்டில்தான் வருகின்றன. திரிபோஷா சத்துக்காகவே செய்தது. அதை நிறுத்த வேண்டாம். பக்கட்டின் பின்புறத்தைப் பாருங்கள். சுவையூட்டி 621, நிறமூட்டி, குழம்பாக்கி என்று எங்கள் குசினியில் இல்லாத பெயர்கள் வரிசையாக இருந்தால், அது ஆலையில் கட்டிய தீனி. சீனி, உப்பு, கொழுப்புக்கு நிறப் புள்ளி போட வேண்டும் என்று இலங்கையில் விதி இருக்கிறது. சிவப்பு என்றால் அந்தப் பொருள் கூடுதலாக உண்டு என்று அர்த்தம். எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிக்கும் சிவப்புத் தெரியும்.

எங்கள் சாப்பாட்டைப் புனிதம் என்றும் சொல்ல மாட்டோம். வெறும் கோதுமை ரொட்டியும் சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணியும் சத்துள்ள சாப்பாடு அல்ல. ஆனால் ரொட்டியை மெல்ல வேண்டும். இரண்டாவதில் கை தானாக நின்றுவிடும். அதோடு பருப்போ கீரையோ சேர்ந்தால் சத்தும் வந்துவிடும்.

விலையையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். 20 கிராம் பக்கட் 50 ரூபா என்று வைத்தால், ஒரு கிலோ 2,500 ரூபா ஆகிறது. அந்த விலையில் எந்தக் கடலையையும் நாங்கள் வாங்க மாட்டோம். அதுவும் ஒரு கிலோ காய்ந்த கடலை அவித்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். சின்னச் சின்னதாக விற்பதாலும், கடைக் கொப்பியில் எழுதுவதாலும் அந்தக் கணக்கு எங்கள் கண்ணில் படுவதில்லை. சம்பள நாளில்தான் படுகிறது.

இரவு படுக்கும் முன் இரண்டு கை கடலையோ கவ்பியோ ஊறப் போட்டு, காலையில் ரொட்டி சுடும் அடுப்பிலேயே அவித்து, உப்பும் தேங்காய்ப் பூவும் போட்டு மூடி வைக்கலாம். கடலை வேக ஒரு மணி நேரம் பிடிக்கும், கவ்பி அதற்கு முன்பே வெந்துவிடும். பாடசாலை விட்டு வரும் பிள்ளை எடுத்துச் சாப்பிடும். பின்னேரம் பிசுபிசுவென்று நூல் விட்டால் அது கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். முடிந்தவர்கள் செய்யலாம்.

ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழும்பும் பெண்ணிடம் இன்னொரு வேலையைச் சுமத்திவிட்டு நாங்கள் கைகழுவ முடியாது. பகல் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை மணிவரை பிள்ளை தனியாக இருக்கிறது. அந்த மூன்றரை மணி நேரத்தைத்தான் பக்கட் பிடித்துக்கொண்டது. அதைத் திருப்பி எடுப்பது தொழிற்சங்க வேலை.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் மூன்று விடயங்களைப் பேச வேண்டும். பிள்ளை மடுவத்திலோ பொது மண்டபத்திலோ, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் அவித்த பயறோ கடலையோ கொடுக்க நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். நிறுவைக்காகப் பெண்களை நேரம் கடந்து வரிசையில் நிறுத்துவதை எதிர்க்க வேண்டும். அந்த அரை மணி நேரம்தான் இராச்சாப்பாட்டின் நேரம். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம் என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அது நடக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்க வேண்டும்.

கடைசியாக எங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். விளையாட்டுப் போட்டியில் வென்ற பிள்ளைக்குப் பக்கட் பரிசு கொடுத்த ஆசிரியர்கள் நாங்கள்தான். மே தின லொறியில் பிஸ்கட்டும் சோடாவும் பகிர்ந்த சங்கத்துக்காரர்களும் நாங்கள்தான். அடுத்த மாதர் கூட்டத்தில் அவித்த கவ்பி அண்டாவில் வரும். தட்டை மட்டும் கொண்டு வாருங்கள்.