போடிங் வீட்டில் குசினிச் சண்டை வராமலிருக்க



நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் வந்தாறுமூலையில் கெம்பஸுக்காகவும், கொழும்பில் வேலைக்காகவும், கட்டாரில் உழைப்பதற்காகவும் நாலைந்து பேராக ஒரே வீட்டில் தங்குகிறார்கள். வாடகைக் காசில் வராத பிரச்சினை கழுவாத சட்டியில் வந்து நிற்கிறது. படுவான்கரைப் பக்கம் படிப்பிக்கும் நாங்கள் நாலு ஆசிரியர்களும் ஒரே வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். ஞாயிறு பின்னேரம் வந்தால் வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்துதான் ஊருக்குப் போவோம். இதில் எங்களுக்குப் பட்டதை எழுதுகிறோம்.

மனக்கசப்புக்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமல்ல. நாம் செய்த வேலை நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மற்றவர் செய்ததை நாம் பார்த்திருக்க மாட்டோம். கனடாவில் ரோஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு விடயங்களில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலானவற்றில் இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் முழுமையைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆகவே ஞாபகத்தை நம்பிப் பேசினால் சண்டைதான் வரும். எழுதிக் கணக்குப் பார்ப்பதே வழி.

"ஆளுக்கொரு நாள் எல்லாம் செய்வது" என்பது சமமாகத் தெரியும். ஆனால் சமைக்கத் தெரியாதவரின் நாளில் எல்லோருக்கும் பட்டினி, மீன் வாங்கும் நாள் யாருக்கு விழுகிறதோ அவருக்கு இரட்டை வேலை. அதனால் நாங்கள் ஒரு கிழமைக்கு வேலைகளை நிமிடத்தில் எழுதினோம். இராச்சாப்பாடு சமைக்க 70 நிமிடம், ஐந்து இரவுக்கு 350. சட்டி, கோப்பை கழுவ 125. மூன்று நாள் மீன் வாங்கி வெட்டிக் கழுவ 135. வீடும் முற்றமும் கூட்ட 100. சந்தைச் சாமானுக்கு 60, கக்கூஸ் கழுவ 40, குப்பைக்கு 30. மொத்தம் 840 நிமிடம். நாலாகப் பிரித்தால் தலைக்கு 210, அதாவது மூன்றரை மணித்தியாலம்.

பிறகு யாருக்கு எது கைவரும் என்று பார்த்தோம். நன்றாகச் சமைப்பவர் மூன்று இரவு சமைத்தால் அவர் பங்கு 210 முடிந்தது. அவர் ஒரு கோப்பையையும் தொடத் தேவையில்லை. இன்னொருவர் இரண்டு இரவுச் சமையலும் சந்தையும் எடுத்தார், 200. மூன்றாமவர் மீன், கக்கூஸ், குப்பை, 205. நாலாமவர் பாத்திரமும் கூட்டுவதும், 225. பத்துப் பதினைந்து நிமிட வித்தியாசத்துக்கு யாரும் கோபிப்பதில்லை. ஒரே ஆள் எப்போதும் கக்கூஸ் கழுவக்கூடாது என்பதால் தவணைக்கொரு முறை வேலைகளை மாற்றுகிறோம்.

கணக்கில் வராத ஒரு வேலையும் உண்டு. கேஸ் முடியப் போகிறது, உப்பு இல்லை, கரண்ட் பில் கட்ட வேண்டும் என்று ஞாபகம் வைத்திருப்பது. இது தானாகவே பொறுப்பான ஒருவர் தலையில் விழும், அவர்தான் முதலில் வெறுத்துப் போவார். எனவே வேலை யாருடையதோ அதன் ஞாபகமும் அவருடையதே. சந்தைக்காரர்தான் உப்புப் போத்தலைப் பார்க்க வேண்டும், மற்றவர் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

"ஊத்தையானால் கழுவுவோம்" என்ற ஏற்பாடு வேண்டாம். ஊத்தை எல்லோர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரியாது. சுத்தம் பார்ப்பவரே கடைசிவரை கழுவிக்கொண்டிருப்பார். கக்கூஸுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்தான். கழுவுவது என்றால் தரையும் தேய்த்து வாளியும் கழுவுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

பரீட்சைத் தாள் திருத்தும் கிழமை, நோன்பில் ஸஹர் சமையல் சேரும் மாதம் ஆகியவற்றில் பழைய கணக்குச் சரிவராது. புதிதாக எழுத வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் மாறிச் செய்பவருக்கு அடுத்த கிழமைக்குள் திருப்பிச் செய்து கொடுக்க வேண்டும். இழுபட்டால் அது கடனாகி மனதில் நிற்கும்.

கசப்பு வாயால் வருமுன் சாமானில் தெரியும். ஒருவர் தனக்கென்று தனிச் சவர்க்காரம், தனிக் கோப்பை வைக்கத் தொடங்கினால், சட்டி வைக்கும் சத்தம் கூடினால், அன்றிரவே கணக்குத் தாளை எடுத்து உட்காருங்கள். ஆளைப் பற்றிப் பேச வேண்டாம், தாளைப் பற்றிப் பேசுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் செய்யவே மாட்டேன் என்றால் எந்தத் தாளும் உதவாது. அவருடைய சமையலைத் தனியாகப் பிரித்துவிடுவது நட்புக்கு நல்லது.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒன்று. எங்கள் வீட்டில் கிழமைக்குப் பதினாலு மணித்தியாலம் வந்தது இராச்சாப்பாட்டை மட்டும் சமைத்து, அதுவும் ஐந்து நாளுக்கு. உங்கள் வீட்டில் உம்மாவின் கணக்கு எவ்வளவு வரும்? ஆம்பிளப் பிள்ளைகளை இப்போதே குசினிக்குள் எடுங்கள். போடிங்கில் போய்ப் பழகுவதென்றால் கூட இருப்பவன்தான் அதற்கு விலை கொடுக்கிறான்.

உங்கள் அறைகளில் எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.