வசூலான வட்டியை மட்டும் பங்கிடுங்கள்

மகளிர் சுய உதவிக் குழுக்கள் பல, ஆண்டு முடிவில் கணக்கை முடித்து உள்கடன் வட்டியில் வந்த லாபத்தைப் பிரித்துக்கொள்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் அடகு நகையை மீட்கவும் கைகொடுக்கும் பணம் அது. பிரிக்கட்டும். ஆனால் ரொக்கமாக வசூலான வட்டியை மட்டுமே பிரிக்க வேண்டும். வரவேண்டிய பாக்கியை லாபமாகக் கணக்கிடக் கூடாது.

12 பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். உள்கடனுக்கு நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி. அந்த ஆண்டு வரவேண்டிய வட்டி மொத்தம் 14,400 ரூபாய். பிரித்தால் ஆளுக்கு 1,200. ஆனால் 15,000 ரூபாய் கடன் வாங்கிய ஒருவர், கணவரின் மருத்துவச் செலவால் பத்து மாதமாக வட்டி கட்டவில்லை. மாதம் 300 வீதம் 3,000 பாக்கி. ஆக, உண்மையில் வசூலானது 11,400தான், ஆளுக்கு 950. ஆனாலும் 1,200 கொடுத்தால், கூடுதலாகப் போகும் 250 ரூபாய் அவரவர் சேமிப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. யாராவது குழுவை விட்டு விலகி, சேமிப்பைத் திருப்பிக் கேட்கும் நாளில்தான் இந்தப் பள்ளம் தெரியவரும்.

இதை மறைக்க ஒரு வழி நடைமுறையில் உண்டு. பாக்கி வட்டியை அசலோடு சேர்த்து 18,000 ரூபாய்க்குப் புதுக் கடன் எழுதி, பழைய கடன் முடிந்ததாகக் காட்டுவது. பணம் கைமாறுவதே இல்லை. ரொக்கப் புத்தகத்தில் ஒரே தேதியில், ஒரே பெயரில், ஒரே தொகை வரவாகவும் செலவாகவும் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். லாபம் வந்ததாகக் கணக்கு சொல்லும். ஏற்கெனவே தவிக்கும் அந்தப் பெண்ணுக்கோ மாத வட்டி 300லிருந்து 360 ஆகிவிடும். நம்மைக் கோபப்படுத்துவது இதுதான். அவர் வட்டியைச் சில மாதம் நிறுத்திவைத்து, அசலைச் சிறு தவணைகளாகக் கட்டத் தீர்மானம் போடுவதே நியாயம்.

வசூலான 11,400ஐயும் முழுதாகப் பிரிப்பது சரியல்ல. அந்த 15,000 ரூபாய் அசலே திரும்புமா என்பது தெரியாத நிலையில், 3,000 ரூபாயை ஒதுக்கிவைத்துவிட்டு மீதி 8,400ஐப் பிரிக்கலாம், ஆளுக்கு 700. கடன் திரும்பிவிட்டால் ஒதுக்கியது அடுத்த ஆண்டு லாபத்தில் சேரும்.

"பக்கத்துக் குழுவில் 1,200 கொடுத்தார்களே" என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். ஊக்குநருக்கு அது தர்மசங்கடம்தான். அதனால் இந்தப் பொறுப்பை அவர் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது. கையிருப்பு, வங்கி இருப்பு, நிலுவைக் கடன் மூன்றின் கூட்டுத்தொகை, உறுப்பினர் சேமிப்பு, வெளியில் வாங்கிய கடன், இதுவரை பிரிக்காத லாபம் ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்று கூட்டத்தில் எல்லோர் முன்னும் சரிபார்க்க வேண்டும். ஆண்டின் வட்டி வரவை ரொக்கப் புத்தகத்திலிருந்து வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு இந்த இரண்டையும் பார்த்த பிறகே பங்கீட்டுக்கு ஒப்புதல் தர வேண்டும். வரும் ஆண்டுக் கணக்கிலேயே இது நடைமுறைக்கு வரட்டும்.