கண்ணோரச் சுருக்கம் எனும் போலி உரைகல்

கண்ணோரம் சுருங்கினால் மெய்ப்புன்னகை, இல்லையேல் வெறும் மரியாதைப் புன்னகை: ஆளுமைப் பயிற்சி வகுப்புகளில் இச்சூத்திரம் அறிவியல் என்றே போதிக்கப்படுகிறது. நேர்காணல் அறைகளில் இதைக் கொண்டு மனிதரை எடைபோடுவோரும் உண்டு.

இதன் வேர், பிரெஞ்சு மருத்துவர் டூஷேன் 1862-இல் வெளியிட்ட நூல். உதட்டை இழுக்கும் கன்னத்தசை விருப்பத்திற்குப் பணியும், கண்ணைச் சூழ்ந்த தசையோ உண்மை மகிழ்ச்சிக்கே பணியும் என்றார் அவர். பின்வந்த ஆய்வுகள் இக்கருத்தைத் தளர்த்திவிட்டன. கண்தசையையும் வேண்டுமென்றே சுருக்கப் பலரால் இயலும். போதாததற்கு, அகலமாகச் சிரித்தாலே கன்னம் மேலெழுந்து அதே மடிப்பை உண்டாக்கும்.

எதிரிலிருப்பவர் வேறுபாட்டை உணர்வதில் காலத்திற்குப் பெரும் பங்குண்டு. மெல்ல விரிந்து மெல்ல அடங்கும் புன்னகை மெய்யெனத் தோன்றுகிறது. சட்டென மலர்ந்து சட்டென மறைவது சம்பிரதாயமாகப் படுகிறது. குரலும் துப்புத் தருகிறது. 2008-இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், முகத்தைக் காணாமல் பேச்சை மட்டும் கேட்டவர்களே புன்னகையின் வகைகளை ஓரளவு பிரித்தறிந்தனர்.

ஆய்வு மாணவி ஒருத்தி நேர்காணலுக்குள் நுழைகிறாள். தலைவர் வணக்கம் சொன்ன பின்னரே அவள் புன்னகை எழுகிறது. நாற்காலியில் அமர்வதற்குள் அணைந்துவிடுகிறது. கேட்போர் அதை மரியாதைப் புன்னகை எனச் சரியாகவே கணிக்கலாம். ஆனால் அதிலிருந்து அவள் நேர்மையற்றவள் என்ற முடிவுக்குத் தாவுவது எந்த அறிவியல்? அந்நியர் ஐவர் முன்னே மகிழ்ச்சி பொங்காதது குற்றமாகாது. மரியாதை பொய்யும் அன்று.