நாலு டிவி வேண்டாம், மூணு போதும் - முருகன் முகத்துல கோடு விழக்கூடாது



நம்ம ஆலயத்துல பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி பக்கத்து மண்டபத்துல ஒரு வீடியோ வால் வைக்கலாம்னு பேச்சு நடக்குது. பல டிவியைச் சேர்த்து மாட்டி, எல்லாத்திலயும் சேர்ந்து ஒரே பெரிய படம் தெரியுற மாதிரி செய்றதுதான் வீடியோ வால். திட்டம் நல்ல திட்டம். சன்னதிக்கு முன்னாடி இருபது பேர்தான் நிக்க முடியும். நாற்காலியில உட்கார்ந்திருக்கிற பெரியவங்க அபிஷேகம் முடியுற வரைக்கும் முன்னாடி நிக்கிறவங்களோட முதுகைத்தான் பார்க்கறாங்க. இது நம்ம கோயில் பிரச்சினை மட்டும் இல்ல. புரட்டாசி சனிக்கிழமையில நம்ம கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் பக்கம் போனவங்களுக்குக் கூட்டம்னா என்னன்னு தெரியும்.

ஆனா இப்போ பேசுற திட்டம், 55 அங்குல டிவி நாலு வாங்கி, மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு மாட்டறது. தொண்டூழியர்கள் நாங்க சில பேர் உட்கார்ந்து அளந்து பார்த்தோம். எங்க கருத்து இதுதான்: நாலு வேண்டாம். 65 அங்குல டிவி மூணை நெட்டுக்குத்தா நிமிர்த்தி, பக்கத்துல பக்கத்துல மாட்டுவோம். ஏன்னு சொல்றோம். பொறுமையா படிங்க.

முதல்ல கண்ட்ரோலர் என்ன செய்யுதுன்னு பார்ப்போம். கேமராவில இருந்து ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள் அந்தப் பெட்டிக்குள்ள போகும். பெட்டி அந்தப் படத்தை நாலு துண்டா வெட்டும். ஒவ்வொரு துண்டையும் ஒரு டிவி அளவுக்குப் பெரிசாக்கி, தனித்தனி கேபிள்ல அனுப்பும். இடது மேல் துண்டு இடது மேல் டிவிக்கு, இப்படி. டிவிக்கு இது எதுவும் தெரியாது. அது பாட்டுக்கு வர்ற படத்தைக் காட்டும். வெட்டற வேலை முழுக்க பெட்டியோடது.

வெட்டு எங்க விழுது? படத்தோட நட்டநடுவுல, கூட்டல் குறி மாதிரி. இப்போ யோசிச்சுப் பாருங்க. அபிஷேகம் நடக்கும்போது கேமரா உற்சவரை எங்க வைக்கும்? நட்டநடுவுலதான் வைக்கும். அப்போ செங்குத்தா போற கோடு கிரீடத்துல இருந்து மூக்கு வழியா பாதம் வரைக்கும் இறங்கும். தீபாராதனை நேரத்துல முகத்தை மட்டும் கிட்ட காட்டினா, குறுக்குக் கோடும் கண்ணு பக்கம் வந்து நிக்கும். எல்லாரும் கண்ணுல ஒத்திக்கிற அந்த நிமிஷத்துல சாமி முகம் நாலா பிளந்து தெரியும்.

"கோடு மெல்லிசாத்தானே இருக்கும்"னு கேக்கலாம். வீட்டு டிவியை ஒரு டேப் வச்சு அளந்து பாருங்க. வெளியில தெரியிற பிளாஸ்டிக் ஓரம் மட்டும் கணக்கில்ல. அதுக்கு உள்ள படம் வராத கறுப்பு ஓரமும் இருக்கு. பெரும்பாலான டிவியில மேலயும் பக்கத்திலயும் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர், கீழ் ஓரம் அதைவிடத் தடிப்பு. ரெண்டு டிவி சேர்ற இடத்துல ரெண்டு ஓரமும் சேர்ந்துக்கும். அப்போ நேர்க்கோடு 2 சென்டிமீட்டர், குறுக்குக் கோடு 3 சென்டிமீட்டர் கிட்ட வரும். பேரங்காடிகள்லயும் விமான நிலையத்திலயும் நாம பார்க்கிற வீடியோ வால் அதுக்குன்னே செஞ்ச திரை. அதுல ரெண்டு திரைக்கு நடுவுல 3.5 மில்லிமீட்டர், இன்னும் கம்மியாவும் கிடைக்குது. விலையும் வேற. வீட்டு டிவியை வச்சு அந்த அழகு வராது.

கண்ட்ரோலர்ல இதுக்கு ஒரு வசதி இருக்கு, ஓரத்தைச் சரிக்கட்டுறது. கடைக்காரங்க அதைக் காட்டி "கவலைப்படாதீங்க"ன்னு சொல்வாங்க. அது என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கணும். ஜன்னல் வழியா ரோட்டைப் பார்க்கிறோம். ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி ஒரு துண்டு மறையுது. ஆனா கார் நேராத்தான் போகுது. அதே மாதிரி, கோட்டுக்குப் பின்னாடி இருக்கவேண்டிய படத்தை இந்த வசதி மறைச்சிடும். அதனால சாய்வா போற வேல், மாலை எல்லாம் உடையாம தொடர்ந்து தெரியும். சரிதான். ஆனா கோடு போகாது, கோட்டுக்கு அடியில இருக்கிற படம்தான் போகும். முழு ஹெச்.டி. படம் 1920 புள்ளி அகலம். நம்ம சுவர் சுமார் 246 சென்டிமீட்டர் அகலம். 2 சென்டிமீட்டர்னா கிட்டத்தட்ட 16 புள்ளி. காட்சியில இது பெரிசு இல்ல. சாமி கண்ணு அந்த இடத்துல இருந்தா பெரிசுதான்.

"கேமராவைக் கொஞ்சம் தள்ளி வச்சா போச்சு"ன்னு ஒரு அண்ணன் சொன்னாரு. வைக்கலாம். சாமி வலது பக்கத்து டிவியில மட்டும் நிப்பாரு, இடது பக்கம் தூணும் மின்விசிறியும் தெரியும். பூசை முழுக்க அப்படியே பார்க்க முடியுமா?

இப்போ மூணு டிவி கணக்குக்கு வருவோம். 65 அங்குல டிவியோட திரை ஏறக்குறைய 144 சென்டிமீட்டர் நீளம், 81 சென்டிமீட்டர் உயரம். அதை நிமிர்த்தினா 81 அகலம், 144 உயரம். மூணு சேர்த்தா கோட்டோட சுமார் 249 அகலம், 144 உயரம். நாலு 55 அங்குலம் போட்டா 246-க்கு 140. அதாவது ரெண்டும் ஒரே அளவு சுவர்தான்! ஆனா மூணு டிவியில குறுக்குக் கோடே கிடையாது. ரெண்டு நேர்க்கோடுதான், அதுவும் படத்தை மூணா பிரிக்கிற இடத்துல. நடு டிவி முழுசா ஒரே கண்ணாடி. நின்ற கோலத்துல இருக்கிற முருகன் கிரீடம் முதல் பாதம் வரை அதுக்குள்ள அடங்குவாரு. படத்தோட விகிதமும் கிட்டத்தட்ட பொருந்தும், ரெண்டு ஓரத்திலயும் கொஞ்சூண்டுதான் வெட்டுப்படும்.

கேமரா பிடிக்கிற தம்பிக்கு இதுல ஒரு சுலபம் இருக்கு. கேமராவிலயும் கைப்பேசியிலயும் `Grid`னு ஒரு கோடு போடுற வசதி உண்டு. அது படத்தை மூணு மூணா பிரிக்கும். அந்த ரெண்டு நேர்க்கோடு எங்க இருக்கோ, அங்கதான் சுவர்லயும் கோடு விழும். அதனால தம்பி சாமியை ரெண்டு கோட்டுக்கு நடுவுல வச்சா போதும். வள்ளி தெய்வானையோட எழுந்தருளும்போது அம்மன்கள் முகம் கோட்டுல மாட்டுதான்னு பார்த்து, கொஞ்சம் கிட்ட எடுத்தா மூணு பேரும் ஆளுக்கொரு டிவியில தெளிவா நிப்பாங்க. மூலவரைப் படம் எடுக்கிறது பத்தி குருக்கள் சொல்றதுதான் முடிவு. நாங்க பேசுறது உற்சவர் அபிஷேகத்தைப் பத்தி மட்டும்.

இதுல கவனிக்கவேண்டியதும் இருக்கு, மறைக்கல. ஒண்ணு, கண்ட்ரோலர் படத்தை 90 டிகிரி திருப்பணும். பல மலிவான பெட்டிகள் 180 டிகிரி மட்டும்தான் திருப்பும். அதை வாங்கிட்டா சாமி படுத்துக்கிட்டுத் தெரிவாரு. பணம் கட்டுறதுக்கு முன்னாடி கடையிலயே மூணு டிவியில ஓட்டிக் காட்டச் சொல்லணும். ரெண்டாவது, எல்லா டிவியும் நிமிர்த்தி வைக்க ஏத்தது இல்ல. சூடு வெளியேறுற துவாரம் படுக்கைவாட்டுக்குத்தான் அமைச்சிருப்பாங்க. நிமிர்த்தி வைக்கலாம்னு தயாரிப்பாளரே சொல்லியிருக்கிற திரையா வாங்கணும், இல்லன்னா உத்தரவாதம் செல்லாமப் போகலாம். மூணாவது, சில திரையில மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தா நிறம் வெளுத்துப் போகும். நிமிர்த்தினா அந்தக் கோணம் பக்கவாட்டுக் கோணமா மாறிடும். அப்போ ஓரத்துல உட்கார்றவங்களுக்கு மஞ்சள் அபிஷேகமும் சந்தன அபிஷேகமும் ஒண்ணாத்தான் தெரியும். கடையில டிவிக்கு முன்னாடி குனிஞ்சு, கீழிருந்து பாருங்க. அப்பவே தெரிஞ்சிடும்.

உபயக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கொரு டிவி வாங்கித் தர்றோம்னு சொல்லியிருக்கீங்க. மனசார நன்றி. ஆனா தனித்தனியா வாங்காதீங்க. ஒரே மாடல், ஒரே கடை, ஒரே நாள்ல வாங்கணும். வேற வேற டிவின்னா ஒண்ணுல பால் வெள்ளையா இருக்கும், பக்கத்துல நீலமா இருக்கும். எவ்வளவு திருகினாலும் சேராது. பணமா கொடுங்க, பேர் மூணு குடும்பத்துக்கும் சேர்த்தே போடுவோம்.

மாட்டின அன்னைக்கு முதல் சோதனை, சுவர் முழுக்க ஒரு பெரிய வட்டம் காட்டணும். கோடு தாண்டுற இடத்துல வட்டம் தப்பி ஒட்டின மாதிரி தெரிஞ்சா, பெரும்பாலும் டிவி தானே படத்தோட ஓரத்தைக் கொஞ்சம் வெட்டுதுன்னு அர்த்தம். மெனுவில `Just Scan` இல்லன்னா `Fit to Screen`னு இருக்கும், மூணு டிவியிலயும் அதைப் போடணும். மின்சாரம் மிச்சம் பண்ற வசதியை மூணுலயும் அணைக்கணும். இல்லன்னா சாயங்காலம் ஒரு டிவி மட்டும் தானா மங்கும். ரெண்டாவது சோதனை, மணி அடிச்சுப் பார்க்கிறது. பெட்டியும் டிவியும் படத்தைக் கொஞ்சம் தாமதமாக்கும். மணிச் சத்தம் முன்னாடி வந்து, கை அசையுறது பின்னாடி வந்தா, மூணு டிவியையும் `Game Mode`ல வச்சா பெருமளவு சரியாகும்.

"98 அங்குலம் ஒரே டிவியா வாங்கிட்டா?"ன்னு கேக்கறவங்களுக்கு: அதுல கோடே இல்ல, உண்மை. அகலம் சுமார் 217 சென்டிமீட்டர். கண்ட்ரோலரும் வேண்டாம். நிர்வாகம் அப்படி முடிவு செஞ்சா நாங்க எதிர்க்க மாட்டோம். ஆனா அது பழுதானா திருவிழா அன்னைக்கு ஒண்ணுமே இருக்காது. மூணுல ஒண்ணு போனா, நடுவுல இருக்கிற நல்ல டிவியில சாமியைப் பார்க்கலாம். பழனியில 2023 ஜனவரி 27 குடமுழுக்குக்கு வச்ச மாதிரி எல்.இ.டி. திரை வேணும்னும் சிலர் சொல்றாங்க. அதுல கோடு தெரியாது. ஆனா அது தெருவுல தூரமா நின்னு பார்க்கிறதுக்கு. நம்ம மண்டபத்துல முதல் வரிசை மூணு மீட்டர்ல இருக்கு. அவ்வளவு கிட்ட சாதாரண எல்.இ.டி. திரை புள்ளி புள்ளியாத் தெரியும்.

நாங்க சொல்றதை நம்பவேண்டாம், நீங்களே பாருங்க. வீட்டு டிவியில போன வருஷ திருவிழா வீடியோவைப் போடுங்க. கறுப்பு டேப்பை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, திரையில மெதுவா கூட்டல் குறியா ஒட்டுங்க. தீபாராதனை வரைக்கும் பாருங்க. அப்புறம் அதைப் பிரிச்சு, மூணா பிரிக்கிற மாதிரி ரெண்டு நேர்க்கோடு ஒட்டி அதே இடத்தைப் பாருங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்களையும் கூப்பிட்டுக் காட்டுங்க, இந்தச் சுவரே அவங்களுக்காகத்தானே. எது தேவலைன்னு கீழே எழுதுங்க. முன்பணம் கட்டறதுக்கு முன்னாடி நிர்வாகக் கூட்டத்துல அதைக் கொண்டுபோய் வைக்கிறோம்.

முருகன் துணை.